மூன்று கார், பதின்மூன்று பேர்: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

புதன் இரவு, சென்னை

நாளை விடியற்காலையில் நீலகிரிக்குக் கிளம்பும் எங்கள் மலையேற்றக் குழுவில் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். சொந்த வண்டிகள் மூன்று. எர்டிகாவில் ஏழு இருக்கைகள், நெக்ஸானிலும் டிசையரிலும் ஐந்தைந்து. பதினேழு இருக்கைகளில் பதின்மூன்று பேர் உட்கார்வதற்கு ஒரு பட்டியலே தேவையில்லை என்றுதான் குழுவில் பலரும் நினைத்தார்கள். ஆனால் இருக்கைகளை எண்ணுவதற்கு முன்பு மூட்டைகளை அளக்க வேண்டும் என்பதால், இந்தப் பட்டியலைப் போடும் பொறுப்பை ஏற்ற நான் மூட்டைகளிலிருந்தே தொடங்கினேன்.

எர்டிகாவின் மூன்றாம் வரிசை இருக்கைகளை நிமிர்த்தி வைத்தால் அதன் பின்புறம் மிஞ்சும் இடம் 209 லிட்டர்தான். மடக்கிவிட்டால் அது 550 லிட்டராகிறது. டிசையரின் டிக்கி ஏறத்தாழ 380 லிட்டர், எங்களோடு வரும் நெக்ஸானுடையது 350. நிறுவனம் சொல்லும் இந்த அளவு முழுவதும் நமக்குக் கிடைக்காது. முதுகுப்பைகள் உருண்டையாகவும் கோணலாகவும் இருப்பவை. இடையிடையே வெற்றிடம் விடும். மூன்றில் இரண்டு பங்கைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். ஆளுக்கு 50 லிட்டர் பை ஒன்று என்று வைத்தால் டிசையரில் ஐந்து பைகள், நெக்ஸானில் நான்கு, மூன்றாம் வரிசை மடக்கிய எர்டிகாவில் ஏழு, ஆகப் பதினாறு பைகள் கொள்ளும். பதின்மூன்று பேரின் பைகள் போக மூன்று பைகளுக்கான இடம் முதலுதவிப் பெட்டி, தண்ணீர்க் கேன், கயிறு, தார்ப்பாய் ஆகிய பொதுச் சாமான்களுக்கு மிஞ்சும். எர்டிகாவில் ஏழு பேரை ஏற்றினாலோ, அதன் பின்னால் மூன்று பைகள்கூட முழுதாக உட்காரா. ஆகவே மலையேற்றக் குழுவைப் பொறுத்தவரை எர்டிகா ஐந்து பேர் போகும் வண்டிதான். எர்டிகாவில் ஐந்து, மற்ற இரண்டிலும் நான்கு நான்கு என்ற பங்கீடு இப்படித்தான் வந்தது.

கூரைமேல் கேரியர் வைத்துக் கட்டிவிடலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். சமவெளிப் பயணமாக இருந்தால் யோசித்திருப்பேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது உச்சியில் எடை இருந்தால் சாய்வு கூடும். இறக்கத்தில் கட்டு நழுவினால் மூட்டை முன்கண்ணாடிமேல் வந்து விழும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளுக்கும் அனுமதியில்லை. டிக்கியின் வளைவுக்கு அவை வளைந்து கொடுப்பதில்லை. அப்படி ஒரு பெட்டியோடு வரவிருந்தவரின் துணிகளை இன்று மாலை என்னுடைய பழைய பையொன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்தது ஓட்டுநர்கள். பதின்மூன்று பேரில் கார் உரிமம் வைத்திருப்பவர்கள் பலர். "கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும் என்பதால் வேறு விதமாகக் கேட்டேன். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? மலைப்பாதையில் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், அது ஏற்றமா, இறக்கமா? இருட்டிய பிறகு ஓட்டுவீர்களா? இப்படிக் கேட்டதில் மூன்று வகையினர் தேறினார்கள்.

மலையில் நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடியவர்கள் மூவர். எர்டிகாவின் உரிமையாளரான பொறியாளர், வயது ஐம்பத்திரண்டு, போடி மெட்டுப் பாதையில் ஓட்டிப் பழகியவர். டிசையரின் உரிமையாளரான செவிலியர், நாற்பத்தேழு வயது, குன்னூரில் வளர்ந்தவர். கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் இரண்டும் ஓட்டுவார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா, அறுபத்தாறு வயது. கொல்லிமலையில் பணியாற்றிய காலமெல்லாம் அதன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர். கண்புரை தொடங்கியிருப்பதால் பொழுது சாய்ந்த பிறகு ஓட்டுவதில்லை என்று அவரே முன்வந்து சொன்னார். ஆட்டோமேட்டிக் வண்டியை அவர் தொட்டதில்லை. இரண்டாம் வகையினர் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டக்கூடியவர்கள்: நெக்ஸானின் உரிமையாளரான குடும்பத் தலைவர், தினமும் பழைய மாமல்லபுரம் சாலையில் அலுவலகம் போய்வரும் இருபத்தேழு வயதுப் பெண், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர். மற்றவர்கள் யாரும் ஓட்ட வேண்டாம். நானும் அதில் அடக்கம்.

உரிமங்களின் காலாவதித் தேதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலாவதியான உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே போதும். இன்னொன்றையும் வண்டிக்காரர்கள் மூவரிடமும் சொன்னேன். நம் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. வண்டியை நண்பர் ஓட்டினால் அவருக்கு அது பொருந்தாது. தெரிந்து சம்மதித்த பிறகே சாவியைக் கைமாற்ற வேண்டும்.

வியாழன் இரவு, மேட்டுப்பாளையம்

சென்னையிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவினாசி வழியாக இங்கு வந்து சேர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இன்றைய பட்டியல் நெடுஞ்சாலைக்கானது, நாளைய பட்டியல் மலைக்கானது என்று இரண்டையும் முன்பே தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தேன். நாளை மலையில் ஓட்ட வேண்டிய மூவரும் இன்று முடிந்தவரை ஓட்டக் கூடாது என்பதே இன்றைய பட்டியலின் அடிப்படை.

நெக்ஸானைக் குடும்பத் தலைவர் ஓட்டினார். அவர் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் உடன் வந்தார்கள். மாற்று ஓட்டுநராகச் செவிலியர். டிசையரில் இருபத்தேழு வயதுப் பெண் ஓட்ட, தலைமையாசிரியர் ஐயா மாற்று, அவர் மனைவியும் நெக்ஸான் குடும்பத்தின் பதினைந்து வயது மகளும் பின்னிருக்கையில். எர்டிகாவை இருபத்தெட்டு வயது இளைஞரும் பொறியாளரும் பகிர்ந்துகொண்டார்கள். அதில் நானும், அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவும், இருசக்கர வாகன உரிமம் மட்டுமே உள்ள இருபத்து நான்கு வயதுத் தம்பியும். தம்பிக்கு வழிகாட்டும் வேலை: வரைபடம் பார்ப்பது, ஃபாஸ்டேக் இருப்பைக் கவனிப்பது, ஓட்டுபவரைத் தூங்கவிடாமல் பேசுவது. நெடுஞ்சாலையில் முன்னிருக்கை விழித்திருப்பவருக்கு உரியது. அங்கே உட்கார்ந்து தூங்குகிறவரைப் பார்த்தால் ஓட்டுபவருக்கும் கண் சொருகும்.

பெரியம்மாவை எர்டிகாவில் அமர்த்தியதற்கு முழங்கால்தான் காரணம். டிசையர் தாழ்வான வண்டி. அதில் உட்கார்வதென்றால் முழங்காலை நன்றாக மடக்கிக் கீழே இறங்க வேண்டும், எழும்போது உடம்பை முன்னுக்குத் தள்ள வேண்டும். எர்டிகாவின் நடு வரிசை ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். மூத்தவர்கள் என்றாலே மெத்தென்ற சொகுசு இருக்கை என்று நினைக்கிறோம். அவர்களுக்கு ஏறி இறங்கும் உயரம்தான் முக்கியம். தலைமையாசிரியர் ஐயாவின் மனைவிக்கு மூட்டு வலி இல்லாததால் டிசையரே போதுமானதாக இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, தேவைப்பட்டால் மட்டும் ஓட்டுநரை மாற்றினோம். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கான சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி ஓய்வு வேண்டும் என்றும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும் சொல்லும்போது, வார இறுதியில் மட்டும் நீண்ட தூரம் ஓட்டுகிற நாங்கள் அந்த எல்லையைத் தொடுவதற்கு முகாந்திரமே இல்லை. மூன்று வண்டிகளும் ஒன்றையொன்று துரத்தி வரத் தேவையில்லை என்பதையும் முன்பே பேசியிருந்தோம். அடுத்து நிற்கும் இடம் எது என்று தெரிந்தால் போதும். கூட்டமாகப் போக வேண்டும் என்ற ஆசையில்தான் பின்னால் வருபவர் முந்தக் கூடாத இடத்தில் முந்துகிறார்.

இனி அறைகள். இங்கே இருவர் அறை ஐந்தும் மூவர் அறை ஒன்றும் எடுத்திருக்கிறோம். அறைப் பங்கீடு என்பது நட்பையும் குடும்பத்தையும் பார்த்துச் செய்வது என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் நாளைய ஓட்டுநர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் போட்டேன். தலைமையாசிரியர் ஐயா குறட்டை விடுவார்; அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகியவர் அவர் மனைவி ஒருவரே; ஆகவே அவர்கள் இருவருக்கும் தரைத்தளத்தில் ஓர் அறை. செவிலியருக்குச் சிறு சத்தத்திலும் விழிப்பு வந்துவிடும்; நாள் முழுக்க ஓட்டிக் களைத்து எட்டரை மணிக்கே படுத்துவிட்ட இருபத்தேழு வயதுப் பெண்ணோடு அவரைச் சேர்த்தேன். பொறியாளரை இளைஞர்களோடு விட்டால் நள்ளிரவு வரை பேச்சு ஓயாது. அதனால் நெக்ஸான் குடும்பத்தில் தாயும் பிள்ளைகள் இருவரும் மூவர் அறைக்குப் போக, குடும்பத் தலைவர் பொறியாளரோடு தங்கினார். "ஒரே குடும்பத்தைப் பிரிச்சிட்டீங்களே அக்கா" என்று அவர் சிரித்தாலும், நாளை மலையில் ஓட்டுபவரின் தூக்கத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்பது அவருக்குப் புரிந்தே இருந்தது. இளைஞர்கள் இருவரும் மாடிக் கோடியில். பெரியம்மாவும் நானும் தரைத்தளத்தில், மேற்கத்திய வகைக் கழிப்பறை உள்ள அறையில். இரவில் அவர் எழும்போது எழுந்துகொள்வது எனக்குச் சிரமமில்லை.

வெள்ளி இரவு, உதகை

நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். அது வண்டி எண்ணுக்கு வழங்கப்படுவது. யார் ஓட்டுகிறார் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆகையால் ஓட்டுநர்களை மாற்றுவதில் தடையேதும் இல்லை. வண்டியை மாற்றினால்தான் புதிதாக எடுக்க வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸோடு நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களையும் பார்த்தார்கள். எங்களிடம் எஃகுக் குப்பிகளும் ஒரு பெரிய கேனும் மட்டுமே இருந்தன.

சாவடிக்கு முன்பே சாவிகளைக் கைமாற்றினோம். இன்றைய நாளின் சிக்கலான முடிவு இதுதான். மூன்று மலை ஓட்டுநர்கள், மூன்று வண்டிகள். ஆளுக்கொன்று என்று விட்டால் தலைமையாசிரியர் ஐயாவுக்கு மிஞ்சுவது நெக்ஸான். அது ஆட்டோமேட்டிக். நாற்பது ஆண்டுகளாக இடது காலால் கிளட்சை மிதித்துப் பழகியவர், பதற்றமான நொடியில் இல்லாத கிளட்சைத் தேடி இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவார். அதைப் பழகிக்கொள்ள மலைப்பாதை இடமில்லை. ஆகவே செவிலியர் தன் டிசையரை ஐயாவிடம் கொடுத்துவிட்டு நெக்ஸானுக்கு மாறினார். தன் வண்டியை இன்னொருவர் ஓட்ட அருகில் உட்கார்ந்து வருவது நெக்ஸான்காரருக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். நல்லவேளையாக அவர் அதை மறைக்காமல், "ஏன் இப்ப கியரைக் குறைச்சீங்க?" என்று வளைவுக்கு வளைவு கேட்டபடி வந்தாராம். டிசையரில் ஐயாவின் பக்கத்தில் இருபத்தேழு வயதுப் பெண்ணும் இதே காரணத்துக்காக உட்கார்ந்தார்.

பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. அங்கே தேர்ந்த ஓட்டுநரையும் பழகாதவரையும் பிரித்துக் காட்டும் இடம், வளைவுக்கு நடுவே நிற்க நேர்கிற தருணம். மேலிருந்து வரும் பேருந்துக்கு முழு வளைவும் தேவைப்படும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதியானாலும் பேருந்து திரும்பத் தொடங்கிவிட்டால் நாம்தான் நிற்க வேண்டும். பிறகு சரிவில் வண்டியை எடுக்க வேண்டும். பழகாதவர் வண்டி பின்னால் உருளுமோ என்ற அச்சத்தில் கிளட்சைப் பாதி மிதித்தே பிடித்திருப்பார்; சிறிது நேரத்தில் கருகிய வாடை வரும். ஐயா கைபிரேக்கைப் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டியின் மூக்கு சற்று எழும்புவதை உணர்ந்த பிறகே கைபிரேக்கை விட்டார் என்று அந்தப் பெண் இரவுச் சாப்பாட்டின்போது விவரித்தார். டிசையரில் வாடையே இல்லை.

இருக்கைகளும் நேற்றைய ஒழுங்கிலிருந்து மாறின. மலையில் முன்னிருக்கை, தலை சுற்றுபவருக்கு உரியது. வளைவுகளில் உடம்பு உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. முன்னால் வரும் வளைவைக் கண் முன்கூட்டியே பார்த்துவிட்டால் குமட்டல் குறைகிறது. எர்டிகாவின் முன்னிருக்கையில் தம்பிக்குப் பதிலாகப் பெரியம்மா அமர்ந்தார். நெக்ஸானின் சிறுவனுக்கும் அதே தொல்லை உண்டு. ஆனால் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் சிறுவர்களை அமர்த்துவதை நான் விரும்புவதில்லை. பின்வரிசையின் நடுவில் பட்டை மாட்டி அமர்த்தி, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் இடையே சாலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னோம். கைபேசியை அவன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு இட்லிக்கு மேல் தரவில்லை. குன்னூர் வரை தாக்குப்பிடித்தான். அங்கே கொறித்த வறுகடலை உதகைக்குள் நுழைவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களை எர்டிகாவின் மூன்றாம் வரிசையில் மட்டும் உட்கார வைக்கவே கூடாது. பின்சக்கரத்துக்கு மேலே, சிறிய சன்னலோடு, முன்னால் எதுவும் தெரியாத இடம் அது.

வழி அறிந்த செவிலியர் முதலில், டிசையர் நடுவில், முதலுதவிப் பெட்டி இருந்த எர்டிகா கடைசியில் என்று வந்தோம். கடைசி வண்டியில் பெட்டி இருந்தால், முன்னால் எந்த வண்டி நின்றிருந்தாலும் பெட்டி தானாக அங்கே வந்து சேரும்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரிக் குளிரில் பங்கீட்டை முடிவு செய்தது வெந்நீர்தான். நாங்கள் எடுத்திருக்கும் வீட்டில் தரைத்தளத்தில் இருவர் அறை, மூவர் அறை ஒவ்வொன்று. மாடியில் நால்வர் அறை இரண்டு. ஒவ்வொரு குளியலறையிலும் சிறிய கீசர்தான். ஒருவர் குளித்த பிறகு நீர் மறுபடி சூடாகக் கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. நாளை நடப்பவர்கள் எட்டுப் பேர் ஐந்தரை மணிக்குள் தயாராக வேண்டும், நடக்காதவர்கள் ஐவர். ஆகவே எழும் நேரத்தை வைத்தே பிரித்தேன். நடக்கும் பெண்கள் நால்வர், அதாவது செவிலியர், இருபத்தேழு வயதுப் பெண், பதினைந்து வயது மகள், நான், மாடியில் ஓர் அறை. நடக்கும் ஆண்கள் நால்வர் அடுத்த அறை. அறைக்கு இருவர் இன்றிரவே குளித்துவிட்டார்கள். தரைத்தளத்தில் தலைமையாசிரியர் தம்பதியும், அடுத்த அறையில் பெரியம்மா, நெக்ஸான் குடும்பத்துத் தாய், மகன் மூவரும். அதிகாலைக் கதவுச் சத்தமும் காலணிச் சத்தமும் அவர்களை எழுப்பாது.

பதினைந்து வயதுப் பெண்ணை எங்கள் அறையில் சேர்ப்பதற்கு முன்பு அவளிடமும் அவள் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். பதினெட்டு நிறையாதவர்களை அறைகளில் சேர்க்கும்போது சம்மதம் கேட்பதும், உறவல்லாத ஆண்களோடு ஒருபோதும் சேர்க்காததும் எங்கள் குழுவில் விவாதத்துக்கு உரியவை அல்ல.

சனி இரவு, உதகை

தமிழ்நாடு வனத்துறையின் இணையவழி முன்பதிவில் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா செல்லும் பாதையை எடுத்திருந்தோம். சிகரம் 2,600 மீட்டருக்கு மேல். வழிகாட்டிகளோடுதான் நடக்க வேண்டும். சோலைக்காட்டையும் புல்வெளியையும் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் வண்டிகளின் பக்கமே நிற்கிறேன்.

இன்று எங்கள் வண்டி எதையும் எடுக்கவில்லை. எட்டுப் பேருக்கு உதகையிலிருந்து ஓட்டுநரோடு ஒரு உள்ளூர் வேன் வைத்துக்கொண்டோம். மூன்று வண்டிகள் சும்மா நிற்கும்போது எதற்கு வேன் என்று ஓர் இளைஞருக்கு வருத்தம். பெரிய பைகளை வீட்டிலேயே விட்டுவிட்டதால் எர்டிகா இன்று உண்மையாகவே ஏழு பேர் வண்டிதான். அந்தக் கணக்கில் அவர் சொன்னது நியாயமே. ஆனால் நாள் முழுக்க நடந்தவர் மாலையில் எமரால்டு வழிக் குறுகிய சாலையில் ஓட்டித் திரும்ப வேண்டியிருக்கும். நடந்து முடித்த கால் கிளட்சை மிதிக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்வது மலையேறுபவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை வீட்டில் கட்டிலில் அனுபவிக்கலாம், வளைவில் வேண்டாம். நடக்காத ஐயா ஓட்டலாமே என்றால், அவர் பொழுது சாய்ந்த பிறகு ஓட்டுவதில்லை; திரும்புகிற நேரம் நம் கையில் இல்லை. திரும்பும் வழியில் எமரால்டு தாண்டும் முன்பே வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

எனக்கு இன்று கவலையாக இருந்தது நாளைய இறக்கம் பற்றி. நடையின் இறக்கத்தில் தொடைத் தசைதான் உடம்பின் எடையை ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி அன்றே முழுதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். நாளைக்கு பிரேக்கை மிதிக்க வேண்டியதும் அதே தொடைதான். மலை ஓட்டுநர்கள் மூவரில் ஐயா நடக்கவில்லை. செவிலியர் மாதந்தோறும் மலையேறுபவர். ஊன்றுகோல் இரண்டையும் பயன்படுத்தி நிதானமாக இறங்கினார். பொறியாளர் பல மாதங்களுக்குப் பிறகு ஏறியவர், உற்சாகத்தில் சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்கினார். எர்டிகாவுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்படலாம் என்று, வேன் ஓட்டுநர் மூலமாக நாளைக் காலைக்கு ஓர் ஆக்டிங் டிரைவரை இன்று மாலையே கேட்டு வைத்தேன். வேண்டாமென்றால் ஏழு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு இரவு, சேலம்

காலை ஆறரை மணிக்கு மூன்று ஓட்டுநர்களையும் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். கைப்பிடியைத் தொடாமல், ஒரு படிக்கு ஒரு கால் என்று இறங்க வேண்டும். ஐயா இறங்கினார். செவிலியர் முகம் சுளிக்காமல் இறங்கினார். பொறியாளர் இரண்டாம் படியிலேயே கைப்பிடியைப் பிடித்தார். மூன்றாவதில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். "ஓட்டும்போது உட்கார்ந்துதானே இருக்கப் போறேன்" என்றார். திடீரென்று பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டி வந்தால் வலிக்குமா என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, அவரே ஆக்டிங் டிரைவரை வரச்சொல்லிவிட்டார்.

ஆள் ஒன்று கூடியதால் பங்கீடு மறுபடி மாறியது. பதின்மூன்று பேரோடு ஓட்டுநர் ஒருவர்; எர்டிகாவில் ஆறாவது ஆளை ஏற்றினால் மூன்றாம் வரிசையில் பாதியை நிமிர்த்த வேண்டும், பைகளின் இடம் குறையும். அதற்குப் பதிலாக டிசையரிலிருந்த மகளைத் தன் குடும்பத்தோடு நெக்ஸானுக்கு அனுப்பி அதில் ஐவராக்கினேன். எர்டிகாவிலிருந்த இருபத்தெட்டு வயது இளைஞர் டிசையருக்குப் போனார். எர்டிகாவில் ஆக்டிங் டிரைவரும் பெரியம்மாவும் முன்னே, பொறியாளரும் தம்பியும் நானும் பின்னே. ஆளோடு பையும் அந்தந்த வண்டிக்கு மாறினால் நெக்ஸானில் ஐந்தாவது பைக்கு இடமிருக்காது. எனவே மகளின் பை மட்டும் டிசையரிலேயே இருந்தது. சமவெளியில் அவளே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவாள் என்பதால் அது வசதியாகவும் போயிற்று.

கோத்தகிரி வழியாக இறங்கினோம். கோடை சீசனில் மேலே வருபவர்களைக் குன்னூர் வழியாகவும் கீழே போகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். இப்போது அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எனக்கு இறங்குவதற்கு இந்தப் பாதையே பிடிக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்பு அழுத்தி மிதித்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பழகாதவர்கள் 'D'-யிலேயே விட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் மைல்கணக்கில் இறங்குகிறார்கள். பிரேக் சூடேறிக் கருகிய வாடை வரும். அதற்கும் மேலே போனால் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், வண்டி நிற்க மறுக்கும். செவிலியர் நெக்ஸானை மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாம் கியரில் வைத்தே இறக்கினார். வழியில் தேநீருக்கு நின்றபோது எங்கள் ஆக்டிங் டிரைவர் மூன்று வண்டிகளின் முன்சக்கரங்களுக்கு அருகிலும் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாடையே இல்லீங்க அக்கா, நல்லா எறக்கியிருக்காங்க" என்றார். வேறு யாரையும் பாராட்டும் வழக்கம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையத்தில் அவர் பேருந்தேறினார். அங்கிருந்து மறுபடி நெடுஞ்சாலைப் பட்டியல். ஆனால் நடந்த இளையவர்களின் கால்களும் நலமாக இல்லை என்பதால் சேலத்தோடு நிறுத்திக்கொண்டோம். இன்றே சென்னை போய்விடலாம் என்ற குரல்களும் இருந்தன. அப்படிப் போனால் விழுப்புரத்துக்கு வரும்போதே நன்றாக இருட்டியிருக்கும். ஐயா ஓட்ட மாட்டார். டிசையர் ஒரே ஆளின் கையில் மிஞ்சும். அறைகளை இன்றைக்கு அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: காலையில் முதலில் ஓட்டப்போகிற மூவரின் அறைகளில் பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது.

திங்கள் மாலை, சென்னை

புறப்படும்போது பைகளை ஏற்றுவதில் மட்டும் இன்று கவனம் வேண்டியிருந்தது. பெருங்களத்தூரிலேயே இறங்கும் இளைஞர்களின் பைகள் டிக்கியில் கடைசியாக ஏற வேண்டும். அடையாறு வரை வருபவர்களுடையவை அடியில். இந்த ஒழுங்கு தப்பினால் போக்குவரத்து நெரிசலில் சாலையோரத்தில் எல்லாப் பைகளையும் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பெரியம்மாவின் வீடு முதல் மாடி என்பதால், அவரை இறக்கும் வண்டியில் பை தூக்கித் தரத் தம்பியைக் கடைசி வரை இருக்கச் சொல்லியிருந்தேன்.

செலவுக் கணக்கை இப்போதுதான் முடித்தேன். மூன்று வண்டிகளின் எரிபொருளையும் சுங்கக் கட்டணத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பதின்மூன்றால் வகுத்திருக்கிறேன்; யார் எந்த வண்டியில் உட்கார்ந்தார் என்பதை நான் முடிவு செய்த பிறகு, வண்டிவாரியாகக் கணக்குப் போடுவது முறையாகாது. வேன் வாடகை, நடந்த எட்டுப் பேருக்கு. ஆக்டிங் டிரைவரின் கூலியைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும்படி பொறியாளர் செய்தி அனுப்பியிருந்தார். அதையும் பதின்மூன்றால்தான் வகுத்திருக்கிறேன்.